சத்தம் கேட்டால் உள்ளே ஓடு

2016 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஸ்காபரோவில் நான் ஆங்கிலம் கற்பிக்கும் பாடசாலையில் தீ ஒத்திகை மணி அடித்தது. ஒன்ராறியோவில் இது வழக்கமான காரியம்தான். இலையுதிர்காலத் தவணையில் மூன்று தடவை, வசந்தகாலத் தவணையில் மூன்று தடவை பாடசாலைக் கட்டடம் முழுவதையும் காலிசெய்து பார்க்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகள் வரிசையாக வெளியே போய் மைதானத்தில் நின்றார்கள். வகுப்பாசிரியர்கள் பெயர்ப்பட்டியலைப் பார்த்து எண்ணினார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒருவனைக் காணவில்லை. சற்று நேரத்தில் முதலாம் வகுப்பிலும் ஒரு சிறுமியைக் காணவில்லை என்றார்கள். இருவரும் அண்ணன் தங்கை.

எனக்கென்று தனி வகுப்பு கிடையாது. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் சில பிள்ளைகளை அழைத்துச் சென்று கற்பிப்பது என் வேலை. அதனால் அதிபரோடு சேர்ந்து நானும் உள்ளே தேடப் போனேன். உடற்பயிற்சிக் கூடத்தின் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, மெத்தை விரிப்புகளை அடுக்கிவைக்கும் சிறிய அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் இல்லாத அறை. அங்கேதான் இருந்தார்கள். தங்கையைச் சுவரோரம் இருத்தி, அவளுக்கு முன்னால் மெத்தையைச் சாய்த்து, அவளுடைய இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு அவன் குந்தியிருந்தான். இருவருடைய வாயும் திறந்திருந்தன.

அந்தத் திறந்த வாயைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குண்டு விழும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் செவிப்பறை கிழிந்துவிடும் என்று யாழ்ப்பாணத்தில் எங்களுக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். பத்து வயதில், வீட்டு முற்றத்துப் பங்கருக்குள் நானும் அப்படித்தான் குந்தியிருந்தேன்.

அன்று மதியம் ஆசிரியர் அறையில், "பாவம், அறிவித்தல் அவனுக்குப் புரியவில்லை, மொழிப் பிரச்சினை" என்று ஒரு சக ஆசிரியை சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அது மொழிப் பிரச்சினையே அல்ல. மணியின் பொருள் அவனுக்குத் தெளிவாகப் புரிந்திருந்தது: பெரிய சத்தம், ஆகவே ஆபத்து. ஆபத்து வந்தால் தங்கையைத் தேடு, கீழே போ, ஜன்னல் இல்லாத இடத்துக்குப் போ, வெளியே மட்டும் போகாதே. அவன் பிறந்து வளர்ந்த சிரியாவின் ஹோம்ஸ் நகரத்தில் இது உயிர் காத்த பாடம். எங்கள் பாடசாலை அவனிடம் கேட்டது அதற்கு நேரெதிரானது. சத்தம் கேட்டால் வெளியே போ, திறந்த வெளியில் நில், தங்கை இருக்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்றது. யாரும் அதை அவனுக்கு விளக்கவில்லை. விளக்க வேண்டிய ஆள் நான்தான். எனக்குத் தோன்றவில்லை.

அகதிப் பிள்ளை ஒன்று வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது அதன் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். மொழி தெரியாதது ஒன்று. படிப்பு இடையில் அறுந்துபோனது ஒன்று. பயம் ஒன்று. பார்வைக்கு மூன்றும் ஒரே மௌனமாகத் தெரிகின்றன. மருந்து மூன்றுக்கும் வேறு வேறு. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் ஒரு வருடம் வீணாகும், சில வேளை பிள்ளையே கைநழுவிப் போகும். அந்தச் சிறுவனின் விஷயத்தில் நான் மூன்றையும் ஒருமுறையாவது குழப்பியிருக்கிறேன்.

2015 நவம்பருக்கும் 2016 பெப்ரவரி இறுதிக்கும் இடையில் 25,000 சிரிய அகதிகளைக் கனடா ஏற்றுக்கொண்டது. பல குடும்பங்கள் முதல் சில வாரங்கள் ஹோட்டல்களில் தங்கவைக்கப்பட்டன. நிரந்தர வீடு கிடைத்த பிறகே பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தார்கள். இந்தச் சிறுவனும் மார்ச் விடுமுறை முடிந்ததும் வந்தான். வயது பதினொன்று. ஆரம்பப் பாடசாலையில் பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில்தான் சேர்ப்போம், அறிவுக்கு ஏற்பக் கீழே இறக்குவதில்லை. அதனால் ஐந்தாம் வகுப்பு. 2011 இல் அவன் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கியபோது ஹோம்ஸ் ஏற்கெனவே முற்றுகைக்குள் இருந்தது. அதன் பிறகு லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் கூடார வாழ்க்கை. அங்கே அரச பாடசாலைகளில் கணிதமும் விஞ்ஞானமும் பிரெஞ்சு அல்லது ஆங்கில மொழியில் கற்பிக்கப்படுகின்றன. அரபியில் மட்டுமே படித்த சிரியப் பிள்ளைகளுக்கு அது ஒரு சுவர். அவன் சில மாதங்கள் மாலை வகுப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். பிறகு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை.

இவை எல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன. முதல் வாரம் என் கையில் இருந்தது ஒரு கணிதத் தாள் மட்டும். புதிதாக வரும் பிள்ளையை ஆங்கிலத்தில் சோதிப்பதற்கு முன் கணிதத்தில் சோதிப்பது நல்லது, எண்களுக்கு மொழி தேவையில்லை என்று நாங்கள் நம்பியிருந்தோம். பன்னிரண்டு கணக்குகள் கொடுத்தேன். 32-ஐயும் 23-ஐயும் கூட்டச் சொன்ன இடத்தில் அவன் இரண்டு சிறிய வட்டங்கள் போட்டிருந்தான். பல இடங்களில் வட்டங்கள், புள்ளிகள், தலைகீழ் கூம்புகள். பன்னிரண்டில் இரண்டு சரி என்று குறித்து, "எண்ணறிவு மிகக் குறைவு" என்று கோப்பில் எழுதினேன். அந்தக் கையெழுத்து இன்றும் அந்தக் கோப்பில் இருக்கிறது.

பத்து நாள் கழித்து அவனுடைய தகப்பனார் வந்தார். புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு உதவப் பாடசாலைகளுக்கு வரும் குடியமர்வுப் பணியாளர் ஒருவர் எங்களிடம் உண்டு. அவர் அரபு பேசுவார். படிவத்தில் வீட்டு முகவரியை எழுதச் சொன்னோம். அவர்களுடைய அடுக்குமாடி வீட்டின் இலக்கம் 506 என்பது எனக்குத் தெரியும். தகப்பனார் எழுதியது ஒரு வட்டம், ஒரு புள்ளி, ஏழு போல ஒன்று.

அரபு எழுத்து முறையில் ஐந்து என்பது நம்முடைய பூச்சியம் போன்ற வட்டம். பூச்சியம் வெறும் புள்ளி. ஆறு நம்முடைய ஏழைப் போல இருக்கும். ஏழு ஆங்கில ‘வீ’ எழுத்தைப் போல, எட்டு அதைக் கவிழ்த்து வைத்தது போல. அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது பாடசாலை அல்ல, முன்பு சிறிய கடை வைத்திருந்த இந்தத் தகப்பனார். அந்த இரண்டு வட்டங்கள் ஐம்பத்தைந்து. சரியான விடை.

தகப்பனார் போன பிறகு தாளை மறுபடி எடுத்துத் திருத்தினேன். பன்னிரண்டில் ஒன்பது சரி. தவறிய மூன்றும் ஒரே வகை: பத்தைக் கடன் வாங்கிக் கழிப்பவை. அதற்கு மேலே, பெருக்கலையும் வகுத்தலையும் எழுத்தில் அவன் பார்த்ததே இல்லை. ஆனால் வாய்க்கணக்காகக் கேட்டபோது, ஆயிரக்கணக்கான லெபனான் பவுண்களில் நாட்கூலியை ஐந்து நாளுக்குப் பெருக்கி, கடையில் கொடுக்க வேண்டியதைக் கழித்து, மீதியை ஒரு நொடியில் சொன்னான். தலைக்குள் கணக்கு இருக்கிறது, தாளில் எழுதும் முறைதான் இல்லை. இது தெரிந்ததும் கற்பிக்கும் வழியே மாறிவிட்டது. சிறு பிள்ளைகளுக்கான மரக்கட்டைகளை எடுத்துவைத்துவிட்டு, காசையும் ரசீதையும் கொண்டு தொடங்கினேன்.

அடுத்து அவனுடைய தாய்மொழி எழுத்து. ஒன்ராறியோவில் புதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. இஎஸ்எல் என்பது, சொந்த மொழியில் ஒழுங்காகப் படித்து வந்து ஆங்கிலம் மட்டும் புதிதாக இருக்கும் பிள்ளைகளுக்கானது. இஎல்டி என்பது, படிப்பே தடைப்பட்டு எழுத வாசிக்கவே புதிதாகக் கற்க வேண்டியவர்களுக்கானது. இரண்டையும் பிரித்தறிய ஆங்கிலத்தில் சோதித்துப் பயனில்லை, இருவருமே ஆங்கிலத்தில் வெறுந்தாள்தான் கொடுப்பார்கள். தாய்மொழியில் எழுதவைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த மொழி தெரியாத ஆசிரியருக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்கலாம். நிறையத் தெரியும். பேனாவைப் பிடிக்கும் விதம், எழுதும் வேகம், வரி நேராகப் போகிறதா, தான் எழுதியதைத் திரும்பப் பார்த்து அடித்துத் திருத்துகிறதா என்பவை எந்த மொழியிலும் தெரியும். அரபு எழுத்தில் இன்னொரு அடையாளமும் உண்டு. அது சேர்த்து எழுதும் எழுத்து. ஒரே எழுத்துக்குச் சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. பிள்ளை எழுத்துகளைத் தனித்தனியாக, மணிகளைப் பரப்பியது போல எழுதினால், எழுத்துகளைக் கற்றிருக்கிறது, சொற்களை எழுதும் கட்டத்துக்கு வரவில்லை என்று பொருள். அவன் தன் பெயரை மட்டும் சேர்த்து அழகாக எழுதினான். மற்றதெல்லாம் தனித்தனி எழுத்துகள். இஎல்டி என்று முடிவாயிற்று.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவனுக்கும் எனக்கும் இருந்த வேறுபாடு இங்கேதான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனபோது எனக்குப் பத்து வயது. ஆனால் அங்கே போன பிறகும் படிப்பு நிற்கவில்லை. அங்கிருந்த பாடசாலையில் அவர்கள் காலையில் படித்தார்கள், இடம்பெயர்ந்த நாங்கள் பிற்பகலில் படித்தோம். மரத்தடியில் இருந்து பின்னக் கணக்குப் போட்டேன். மூன்று வருடம் கழித்து இங்கே வந்தபோது ஆங்கிலம் மட்டும்தான் எனக்கு இல்லை. ‘நியூமரேட்டர்’ என்பது நம்முடைய தொகுதி எண், ‘டினாமினேட்டர்’ என்பது பகுதி எண் என்று ஒருவர் காட்டித் தந்த அன்றே அந்தப் பாடம் முழுவதும் எனக்குத் திறந்துவிட்டது. புதிய சொல்லைத் தொங்கவிட எனக்குள் ஆணி இருந்தது. அவனுக்கு ஆணியையும் அடித்து, சொல்லையும் மாட்ட வேண்டும். "நானும் அகதியாக வந்தவள்தான், நான் படிக்கவில்லையா" என்று நம்மவர்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளையையும் எந்த மொழியிலும் படிக்காமல் வந்த பிள்ளையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இனி பயம். தீ ஒத்திகைக்குப் பிறகு வகுப்பாசிரியையும் நானும் மூன்று வாரம் ஒரு கொப்பியில் குறித்துவைத்தோம். நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், எவ்வளவு நேரம் நீடித்தது. இந்த நான்கு மட்டும். "கவனமில்லை", "பிடிவாதம்" போன்ற சொற்களை எழுதுவதில்லை என்று பேசிக்கொண்டோம், ஏனென்றால் அவை நம் தீர்ப்புகள், நடந்தவை அல்ல. அதற்கு முன், அவனுக்குக் கவனக்குறைவு நோய் இருக்கலாம், சோதிக்க அனுப்பலாமா என்ற பேச்சு இருந்தது. கொப்பி வேறு கதை சொன்னது. காலை முதல் பாடத்தில் அவன் நாற்பது நிமிடம் அசையாமல் வேலை செய்தான். மாற்றம் வந்தது பெரும்பாலும் மதிய இடைவேளைக்குப் பிறகு. மேல்வகுப்பு மாணவர்கள் நடைபாதையில் இரும்பு லொக்கர்களை அடித்துச் சாத்தும் நேரம் அது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் தலை கதவுப் பக்கம் திரும்பியது. பிறகு அரை மணி நேரம் எந்த வேலையும் ஓடவில்லை. முன்னறிவிப்பின்றி மாற்றாசிரியர் வந்த நாட்களில் நாள் முழுவதும் அப்படியே.

கவனக்குறைவு என்றால் பெரும்பாலும் காலையிலும் இருக்கும். இது நேரத்தோடும் சத்தத்தோடும் வந்து போகிறது. உண்மையில் அந்தப் பிள்ளையிடம் கவனம் குறைவாக இல்லை. இருந்த கவனம் அத்தனையும் கதவைக் காவல்காப்பதில் செலவாகிக்கொண்டிருந்தது. காவல்காக்கும் மூளையில், "புத்தகத்தை எடு, 42-ஆம் பக்கத்தைத் திற, மூன்றாவது கேள்வியைச் செய்" என்ற மூன்று கட்டளைகளில் முதலாவதுதான் தங்கும்.

செய்தவை சிறிய காரியங்கள். அவன் மேசையை வகுப்பின் நடுவிலிருந்து எடுத்து, முதுகுக்குப் பின்னால் சுவரும் கண்ணுக்கு முன்னால் கதவும் வரும்படி கதவோரமாகப் போட்டோம். கதவுக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் பயப்படுவான் என்று சிலர் நினைத்தார்கள். யார் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் அவனால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்த முடியும். அன்றைய நாளின் ஒழுங்கைப் படங்களோடு பலகையில் ஒட்டினோம். மாற்றம் இருந்தால் காலையிலேயே அந்தப் படத்தை அவன் கையாலேயே மாற்றவைத்தோம். பின்னால் இருந்து தோளைத் தொடுவதை எல்லோரும் நிறுத்தினோம். கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொன்னோம். வகுப்பு முழுவதற்குமே இவற்றைச் செய்ததால் அவன் தனியாகத் தெரியவில்லை.

அடுத்த ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்பே தயாரானோம். குடியமர்வுப் பணியாளர் அரபியில் அவனிடம் இரண்டு விஷயங்கள் சொன்னார். இந்தக் கட்டடத்தில் மணி அடித்தால் ஆபத்து வெளியே இல்லை, உள்ளே. தீ உள்ளே இருப்பதாக நினைத்துக்கொள், அதனால்தான் வெளியே போகிறோம். இரண்டாவது, தங்கையை அவளுடைய ஆசிரியை அழைத்து வருவார், மைதானத்தில் எந்த மரத்தடியில் அவள் நிற்பாள் என்று காட்டுகிறோம். பிறகு மணியில்லாமல் அந்த வழியில் மூவரும் நடந்து பார்த்தோம். மறுநாள் மணியின் ஒலியை என் அறையில் மிக மெதுவாக, அவனே பொத்தானை அழுத்தி, அவனே நிறுத்தும்படி கேட்கவைத்தேன். நிறுத்தும் அதிகாரம் அவன் கையில் இருந்ததுதான் முக்கியம். ஒத்திகை நாளன்று நேரத்தை முன்கூட்டியே சொன்னோம். அவன் முகம் வெளுத்திருந்தது, ஆனால் வரிசையில் போனான். மரத்தடியில் தங்கையைக் கண்டதும் அவளைப் பார்த்தபடியே நின்றான்.

ஆபத்தான ஆள் ஒருவர் பாடசாலைக்குள் நுழைந்தால் என்ன செய்வது என்று பழகும் பூட்டடைப்பு ஒத்திகை இதைவிடக் கடினம். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, பிள்ளைகள் சத்தமின்றிச் சுவரோரம் ஒளிந்திருக்க, வெளியே ஒருவர் கதவுப் பிடியைத் திருகிப் பார்ப்பார். அதை எப்படிச் சொல்லியும் ஒரு பங்கர் அல்லாத ஒன்றாக ஆக்க முடியாது. அந்த நேரத்தில் அவனைப் பெற்றோரின் சம்மதத்தோடு வெளியே நூலகத்துக்கு நடத்திச் செல்வதென்று அதிபர் முடிவெடுத்தார். அடுத்த வருடம்தான் வகுப்போடு இருந்தான்.

இதற்கிடையில் நான் செய்த ஒரு தவற்றையும் எழுத வேண்டும். மூன்றாவது வாரம், அவனுடைய விடுபட்ட வருடங்களைப் பற்றி அறிய அவசரப்பட்டு, ஈராக்கிலிருந்து வந்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை மொழிபெயர்க்க அழைத்தேன். "லெபனானுக்கு ஏன் போனீர்கள் என்று கேள்" என்றேன். அவன் சில வாக்கியங்கள் சொன்னான். அவள் மொழிபெயர்க்கவில்லை. உதடு நடுங்கியது, பிறகு அழுதாள். தன்னுடைய மொழியில் தன்னுடைய கதையையே கேட்டிருக்கிறாள். ஒரே கேள்வியில் இரண்டு பிள்ளைகளைக் காயப்படுத்தினேன். ‘மதிய உணவு எங்கே’, ‘நாளைக்குக் காலணி கொண்டுவா’ என்பதற்குச் சக மாணவர் உதவலாம். குடும்பக் கதைக்குப் பெரியவர் ஒருவர், அந்த வேலைக்குப் பயின்றவர் வேண்டும். தொலைபேசியில் கிடைக்கும் மொழிபெயர்ப்பாளராவது வேண்டும். அதற்கும் மேலாக, அந்தக் கேள்வியே எனக்குத் தேவையில்லை. எத்தனை வருடம் பாடசாலைக்குப் போனான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஏன் போகவில்லை என்பது அவனுடையது. அவன் சொல்ல விரும்பினால் கேட்கலாம், தோண்டக் கூடாது. ‘உங்கள் குடும்பத்தை வரையுங்கள்’, ‘குழந்தைப் பருவப் புகைப்படம் கொண்டு வாருங்கள்’ என்ற வழக்கமான பயிற்சிகளையும் அதன் பிறகு விட்டுவிட்டேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லவே அஞ்சும் பிள்ளைகள் இருக்கிறார்கள். புகைப்படம் எரிந்துபோன பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எதைப் பற்றி எழுதுவது என்பதை அவனிடமே விட்டபோது அவன் தேர்ந்தெடுத்தது புறா. ஹோம்ஸில் மொட்டைமாடியில் தகப்பனார் புறா வளர்த்திருக்கிறார். அந்தப் பகுதி முழுவதும் இது பழைய வழக்கம். மாலையில் கூட்டமாகப் பறக்கவிட்டு, நீண்ட கம்பில் துணி கட்டி ஆட்டி, விசிலடித்து இறக்குவார்கள். அவன் அரபியில் சொன்னதைக் குடியமர்வுப் பணியாளர் ஒலிப்பதிவு செய்து எழுதித் தந்தார். அதிலிருந்து ஆறு வாக்கியங்களை அவன் தேர்ந்தான். இடது பக்கத்தில் ஆங்கிலம், வலது பக்கத்தில் அரபு, நடுவில் படம். அரபு வலமிருந்து இடமாக ஓடும், ஆங்கிலம் இடமிருந்து வலமாக. ஆகவே இரண்டு மொழிகளும் மடிப்பை நோக்கி ஓடிவந்து அங்கே சந்தித்தன. அதை முதலில் கவனித்தவன் அவன்தான். விரலால் இரண்டு பக்கமும் ஓட்டிக் காட்டிச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ‘ஃபர்ஸ்ட்’, ‘தென்’, ‘லாஸ்ட்’ என்ற வரிசைச் சொற்கள் எல்லாம் அந்தப் புறாக்களோடு அவனுக்கு வந்துசேர்ந்தன. அரபு எழுத்துகளைச் சேர்த்து எழுதவும் அந்தப் புத்தகத்தில்தான் பழகினான்.

அதே விமானங்களில் வந்த இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்காம் வகுப்புச் சிறுமி. அழகான அரபுக் கையெழுத்து, ஒழுங்கான படிப்பு. யாருக்கும் தொந்தரவில்லை. "எவ்வளவு அமைதியான பிள்ளை" என்று எல்லோரும் பாராட்டினோம். மொழி பழகும் பிள்ளைகள் சில மாதங்கள் பேசாமல் இருப்பது இயல்பு. ஆனால் அந்தப் பிள்ளைகள் கண்ணால் பேசும், விளையாட்டில் சேரும், தாய்மொழிக்காரர் ஒருவரைக் கண்டால் கொட்டித் தீர்க்கும். இவள் அரபு பேசும் பிள்ளைகளோடும் பேசவில்லை. சில நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காதது போல, ஒரு புள்ளியைப் பார்த்தபடி சில நிமிடங்கள் இருப்பாள். மே மாதம், காதுக்குப் பின்னால் தலைமுடி பிடுங்கப்பட்டு வெறுமையாக இருந்ததை நூலகர் கண்டார். மேசையை இடம் மாற்றுவதும் படம் ஒட்டுவதும் இதற்குப் போதாது. ஆசிரியர் சிகிச்சையாளர் அல்ல. சிகிச்சையாளரிடம் சேர்ப்பதுதான் ஆசிரியரின் வேலை.

தாயாரிடம் பேசுவது எளிதாக இருக்கவில்லை. மனநலம் என்ற சொல் வந்ததும் அவர் முகம் மூடிக்கொண்டது. பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் வரும், பத்திரங்களில் பதிவாகும், கனடா திருப்பி அனுப்பிவிடும் என்ற அச்சம். நம் ஊர்த் தாய்மாரிடமும் இதே அச்சத்தைக் கண்டிருக்கிறேன். குடியமர்வுப் பணியாளர் பேச்சை மாற்றினார். "இரவில் எப்படித் தூங்குகிறாள்?" என்று மட்டும் கேட்டார். தாயார் அழத் தொடங்கினார். இரவில் யாருமே தூங்குவதில்லை. தூக்கத்துக்கு உதவி தேடலாமா என்று கேட்டோம், சம்மதித்தார். அந்த வழியாகத்தான் சிறுமி ஒரு குழந்தை உளவியலாளரிடம் போய்ச் சேர்ந்தாள். இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. தொந்தரவு செய்த சிறுவன் எங்கள் கண்ணில் முதல் மாதமே பட்டான். தொந்தரவு செய்யாத இவள் மூன்று மாதம் கண்ணில் படவில்லை.

சிறுவனின் கதைக்கு வருகிறேன். அடுத்த செப்டெம்பரில் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அவன் மைதானத்தில் சரளமாக ஆங்கிலம் பேசினான். கால்பந்து அதைக் கற்றுக்கொடுத்தது. இனி அவனுக்கு மொழி உதவி தேவையில்லை, அந்த நேரத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை உடனே எழுந்தது. ரொறன்ரோவில் குடியேறிய மாணவர்களின் தரவுகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1980-களின் தொடக்கத்திலேயே இது தவறென்று காட்டியிருக்கிறார். பேச்சு மொழி ஏறத்தாழ இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடத்தின் மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடமாகும். படிப்பு அறுந்து வந்த பிள்ளைக்கு அதைவிடக் கூடுதலாகும்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு கணக்கு வந்தது. ஒரு பெட்டியில் 48 அப்பிள்கள், 19 விற்றுப்போயின, எத்தனை ‘லெஃப்ட்’? அவன் விடை எழுதாமல் இடது பக்கம் அம்புக்குறி போட்டிருந்தான். ‘லெஃப்ட்’ என்றால் இடது என்று கால்பந்து மைதானம் சொல்லிக்கொடுத்திருந்தது. மீதம் என்ற பொருள் அங்கே வருவதில்லை. அடுத்த கணக்கில் இரண்டு எண்களின் ‘டிஃபரன்ஸ்’ என்ன என்று கேட்டிருந்தது. ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். வேறுபாடு என்ன என்று கேட்டால் வேறென்ன சொல்வது? நான் அந்தத் தாளை அதிபரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உதவி நேரம் குறைக்கப்படவில்லை. கணிதத்தில் இப்படி இரண்டு பொருள் கொண்ட சொற்களை அவனும் நானும் ஒரு கொப்பியில் பட்டியலிடத் தொடங்கினோம். ஒரு பத்தியில் மைதானத்துப் பொருள், மறு பத்தியில் வகுப்பறைப் பொருள். ‘டேபிள்’, ‘ஈவன்’, ‘ஒட்’ என்று அது நீண்டது. மற்றப் பிள்ளைகளும் வந்து சொற்கள் சேர்த்தார்கள். அவர்களுள் இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்த வருடமும் அவன் மேசை கதவோரம்தான் இருந்தது. முதல் நாளே நாங்கள் அப்படிப் போட்டுவைத்தோம். ஈஸ்டர் விடுமுறை முடிந்து வந்த ஒரு காலை, மணி அடிக்கும் முன்பே அவன் தன் மேசையை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஜன்னலோரம், அவனோடு கால்பந்து ஆடும் நண்பன் பக்கத்தில். கதவுக்கு முதுகு காட்டிய இடம். வகுப்பாசிரியை என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் எதுவும் சொல்லவில்லை. பழைய இடத்துச் சுவரில் அவன் பெயரெழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. அதை உரித்து எடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒட்டினேன்.